நம்ம வீட்டுக் குழு: பிள்ளைக்குக் காய்ச்சல்

அப்பாயி (மாலை 6:10): பிள்ளைக்கு நேத்து மத்தியானத்துலேந்து காய்ச்சல். இப்ப 102. வறட்டு இருமல், கால் வலிக்குதுன்னு அழறான். தெருவுல நாலு வீட்டுல இதே காய்ச்சல்தான். ஓமவல்லி குடுத்துப் பாக்கவா, ஆஸ்பத்திரிக்குப் போவவா?

சித்தப்பா: நொச்சி போட்டு ஆவி புடிங்கம்மா. ஃபிரிட்ஜில மிச்சம் வச்ச ஆன்டிபயாடிக் சிரப் இருக்கு, அஞ்சு மில்லி குடுங்க.

பெரியத்தை: தம்பி, ரெண்டும் வேணாம். நாலு வயசுப் பய போர்வைக்குள்ள சட்டியத் தட்டிவிட்டா தொடை வெந்துடும். ஃப்ளூவுக்கு அந்த சிரப் கேக்காது. தண்ணி கலந்து வச்சது வீரியமும் போயிருக்கும்.

பெரியத்தை: அம்மா, ஓமவல்லி ரெண்டு இலையை அனல்ல வாட்டிப் பிழிஞ்சு அரை ஸ்பூன், தேன் அரை ஸ்பூன். தொண்டைக்கு இதம், காய்ச்சல் இறங்காது. மிளகு தூக்கலாப் போடாதீங்க, இருமி வாந்தி எடுப்பான். கஞ்சித் தண்ணியில உப்புப் போட்டு அடிக்கடி நாலு நாலு ஸ்பூன்.

மருமகள்: அண்ணி, பாராசிட்டமால் எவ்வளவு? 14 கிலோ இருக்கான்.

பெரியத்தை: ஒரு தடவைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம், 200க்குக் கிட்ட. பாட்டில்ல 5 மில்லிக்கு 250ன்னு இருந்தா 4 மில்லி, 125ன்னு இருந்தா 8 மில்லி. அட்டை ஒரே மாதிரி இருக்கும், எண்ணைப் படிச்சுட்டு ஊத்துங்க. அடுத்தது ஆறு மணி நேரம் கழிச்சு.



அப்பாயி (இரவு 10:05): மருந்து குடுத்தேன். 99.6க்கு வந்துடுச்சு, தூங்குறான். ஆனா மூச்சு வாங்குறாப்ல இருக்கு.

சித்தப்பா: காய்ச்சல் இறங்கிடுச்சுல்ல, காலையில பாத்துக்கலாம்.

பெரியத்தை: காய்ச்சல் ஏறினாலே மூச்சு வேகமாத்தான் ஓடும். இறங்கின பொறவும் ஓடினாத்தான் யோசிக்கணும். அம்மா, சட்டையத் தூக்கிட்டு வயிறு ஏறி இறங்குறத முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க. கால் நிமிஷம் எண்ணிப் பெருக்காதீங்க, பிள்ளைங்க மூச்சு ஒரே சீரா இருக்காது. இந்த வயசுக்கு 40 வந்தாலே கூடுதல்.

அப்பாயி: 46. மறுக்க எண்ணினேன், 48. மூச்சு இழுக்குறப்ப விலாவுக்குக் கீழ குழி விழுது. ஒண்ணுக்கும் மத்தியானம் போனதுதான்.

பெரியத்தை: காலை வரைக்கும் வேணாம், இப்பவே கிளம்புங்க. ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கே போயிடுங்க. சளி நெஞ்சுல இறங்கியிருக்கான்னு டாக்டர் பாக்கட்டும். நேத்து மத்தியானம் ஆரம்பிச்சதுன்னு மறக்காம சொல்லுங்க, ஃப்ளூ மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள்ள குடுத்தாத்தான் நல்லாக் கேக்கும்.

சித்தப்பா: வண்டி எடுத்துட்டு வரேன்.

பெரியத்தை: படுக்க வைக்காம தோள்ல சாய்ச்சு உக்கார வச்சுட்டுப் போங்க. உதடு நீலம் பாரிச்சாலோ எழுப்பி எழுந்திரிக்கலன்னாலோ 108.

மருமகள்: அத்தை, மருந்து எத்தனை மணிக்குக் குடுத்தீங்க? கேப்பாங்க.

அப்பாயி: 8:50. 250 பாட்டில், 4 மில்லி.