முழுப் பலாவா, அறுத்த சுளையா: மணமில்லாத கெட்டிப் பழத்தை நம்பி வாங்கலாமா?

கேள்வி (பாலக்கோட்டு வாசகி): ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விசேஷம். இருபத்தைந்து பேருக்குப் பலாச்சுளை வைக்க வேண்டும். இன்று வியாழக்கிழமை, தர்மபுரி – கிருஷ்ணகிரி சாலையோரக் கடையில் இரண்டு பழம் பார்த்தேன். ஒன்று தூரத்திலிருந்தே மணக்கிறது. மற்றொன்று கல் போல இருக்கிறது, மணமே இல்லை. "கெட்டியானதை எடுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குப் பழுத்துவிடும்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா, அல்லது அன்றைக்கே சுளையாக வாங்கிக்கொள்வதா?

மணக்கட்சி: பலாவுக்கு மூக்கை விடச் சிறந்த தராசு கிடையாது. மணக்கிற பழம் பழுத்தது, மணக்காதது காய். இதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை. மணக்கும் பழத்தையே எடுத்துச் சென்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் அறுத்துப் பரிமாறுங்கள்.

காவேரிப்பட்டணத்தான்: எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாகப் பழக்கடை நடத்தியவர்கள் என்பதால் சற்று மாறுபடுகிறேன். மணம் பழுத்ததைக் காட்டும் என்பது சரிதான். ஆனால் கடையில் பக்கத்திலேயே அறுத்த பழம் திறந்து கிடக்கும்போது எல்லாப் பழமும் மணப்பது போலத்தான் தோன்றும். பழத்தை நான்கடி தள்ளி வைக்கச் சொல்லி, காம்புப் பக்கத்தில் மூக்கை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே இனிப்பு மணம் இருந்தால் நல்லது. புளித்த கள்ளின் வாடை கலந்திருந்தால் உள்ளே நொதிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

தூரத்திலிருந்தே மணக்கும் பழத்தை இந்த வெயிலில் மூன்று நாள் முழுதாக வைத்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை சுளை குழைந்து புளிப்பேறியிருக்கும். அதை வாங்குவதாக இருந்தால் இன்றோ நாளையோ அறுத்து, கொட்டை நீக்கி, மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியில் வைப்பதுதான் வழி. கெட்டிச் சுளையுள்ள வருக்கையானால் ஞாயிறு வரை தாங்கும். சுளை குழைவாக இருக்கும் கூழப்பலாவாக இருந்தால் அதற்கும் நான் பொறுப்பேற்க மாட்டேன்.

மணக்கட்சி: அப்படியானால் கெட்டியானதை வாங்கச் சொல்கிறீர்களா? அழுத்தினால் விரல் பதியாத பழத்தை எந்த நம்பிக்கையில் வாங்குவது?

காவேரிப்பட்டணத்தான்: கெட்டியாக இருப்பது ஒரே காரணத்தால் அல்ல என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. வருக்கை பழுத்த பிறகும் தோல் ஓரளவு விறைப்பாகவே இருக்கும். கூழப்பலாவைப் போல அமுங்காது. நன்கு முற்றி, இன்னும் பழுக்காத பழமும் கெட்டியாக இருக்கும். அது சில நாளில் தானே பழுத்துவிடும். முற்றாமல் பறித்த காயும் அப்படியே கெட்டியாக இருக்கும். அது பழுத்தது போலக் காட்டினாலும் சுளை வெளிறி, ரப்பர் போல இழுபட்டு, இனிப்பில்லாமல் இருக்கும். மூன்றும் கைக்கு ஒன்றுபோலத்தான் படும். பிரித்துச் சொல்வது முள். முற்றிய பழத்தில் முட்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, அடி அகன்று, நுனி மழுங்கியிருக்கும். தோல் பச்சையிலிருந்து மஞ்சள் கலந்த பழுப்புக்கு மாறத் தொடங்கியிருக்கும். முற்றாததில் முட்கள் நெருக்கமாகக் கூராக நின்று உள்ளங்கையைக் குத்தும். கடைக்காரர் அனுமதித்தால் ஒரு முள்ளின் நுனியை நகத்தால் கிள்ளிப் பாருங்கள்: கெட்டியான வெள்ளைப் பால் உடனே துளிர்த்தால் அது இன்னும் இளங்காய், நீர்த்துச் சிறிதளவே கசிந்தால் முற்றியது.

கறிப்பலா விரும்பி: கெட்டியான, மணமில்லாத, முள் நெருக்கமான காய் என்றால் அதை விடாதீர்கள் அம்மா! பிரியாணிக்கும் பொரியலுக்கும் அதைவிட நல்லது கிடையாது. நான் எப்போதும் இரண்டு கிலோ அளவில் பிஞ்சாகப் பார்த்து, குறுக்கே அறுக்கச் சொல்லி வாங்குவேன். கத்தி தடையில்லாமல் இறங்கி, கொட்டை உறை கட்டாமல் வெள்ளையாகத் தெரிந்தால் அப்படியே சமைக்கலாம். அறுத்து வைத்த காயில் வெட்டுமுகம் பழுப்பேறியிருந்தால் வெட்டி நேரமாகிவிட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

பாலக்கோட்டு வாசகி: நன்றி. ஆனால் எனக்கு வேண்டியது சுளை, கறிக்கு அல்ல. மேலும் நான் பார்த்தது பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். இன்னொன்று: அதன் காம்பில் ஒரு குச்சி அடித்திருந்தது.

மணக்கட்சி: குச்சி அடித்தால் சீக்கிரம் பழுக்கும். எங்கள் ஊரில் வேப்பங்குச்சி அடிப்பார்கள். அது இயற்கையான முறைதான்.

காவேரிப்பட்டணத்தான்: சீக்கிரம் மென்மையாகும் என்பது உண்மை, காயம் பட்ட பழம் பழுப்பதற்கான வாயுவைக் கூடுதலாக வெளியிடும். ஆனால் குச்சி பழுக்க வைக்குமே தவிர, முற்ற வைக்காது. இளங்காயில் அடித்தால் மணம் வரும், இனிப்பு வராது. உங்கள் மூக்கு ஏமாறுகிற இடமும் அதுதான். அந்தத் துளை வழியாகத் தண்டு அழுகுவதும் உண்டு. துளையைச் சுற்றிப் பழுப்பு நீர் கசிந்திருந்தாலோ, காம்புப் பக்கம் மட்டும் அமுங்கி நடுப்பகுதி விறைப்பாக இருந்தாலோ அந்தப் பழத்தைத் தொடாதீர்கள்.

சுளைக்கட்சி: இவ்வளவு சோதனை செய்வதற்குப் பதிலாகச் சுளையாகவே வாங்கிவிடலாம். கண்ணுக்குத் தெரிவதை வாங்குகிறோம். ஒன்றைச் சுவைத்தும் பார்க்கலாம். முழுப் பழத்தில் தோல், சடை, தண்டு என்று பெரும்பகுதி குப்பைக்குப் போகிறது. எண்ணெய் தடவிய கையோடு அரைநாள் உட்கார எனக்குப் பொறுமை இல்லை.

காவேரிப்பட்டணத்தான்: கணக்கைப் பாருங்கள். ஆளுக்கு நான்கு சுளை என்றால் நூறு சுளை. கொட்டை நீக்கிய நடுத்தரச் சுளை ஒன்று 25 முதல் 30 கிராம் என்று வைத்தால் மூன்று கிலோவுக்குள் அடங்கிவிடும். முழுப் பழத்தில் சுளை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தேறும் என்பதால், பத்துப் பன்னிரண்டு கிலோப் பழம் ஒன்றே போதும். கடையில் கிலோ 30 ரூபாய் என்றால் பன்னிரண்டு கிலோவுக்கு 360 ரூபாய். அறுத்த சுளையின் விலையோடு நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சுளையாகத்தான் வாங்குவதென்றால் காலையில் அறுத்து ஈயோடு மாலை வரை கிடந்ததை வாங்காமல், கண்முன்னே அறுக்கச் சொல்லி வாங்க வேண்டும். பளபளப்புக்காகத் தண்ணீர் தெளித்த சுளை விரைவில் புளிக்கும்.

சுளைக்கட்சி: பழம் சொத்தையாகப் போனால் அந்த 360 ரூபாயும் நட்டம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காவேரிப்பட்டணத்தான்: சேர்த்துத்தான் சொல்கிறேன். முற்றிய பழம் பழுக்க மூன்று நாளிலிருந்து பத்து நாள் வரை ஆகும். மணமே இல்லாத கல் போன்ற பழம் மூன்றாம் நாளே பழுக்கும் என்பது அதிர்ஷ்டம்தான். ஆகவே அம்மா, இரண்டையும் விட்டுவிடுங்கள். காம்பருகே மூக்கை வைத்தால் மட்டும் இலேசாக மணப்பதும், முள் விரிந்ததும், காம்பு, நடு, அடி என்று மூன்று இடத்திலும் கட்டைவிரலுக்கு ஒரே மாதிரி சிறிது இணங்குவதும், குச்சி அடிக்காததுமான பழம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மணக்கட்சி: தட்டிப் பார்ப்பதைச் சொல்லவே இல்லையே? காயானால் கணீரென்று ஒலிக்கும், பழமானால் மந்தமாக ஒலிக்கும்.

காவேரிப்பட்டணத்தான்: பத்துப் பழத்தை வரிசையாகத் தட்டுகிறவருக்கு அந்த வேறுபாடு கேட்கும், ஒன்றை மட்டும் தட்டுகிறவருக்கு எதனோடு ஒப்பிடுவது?

மணக்கட்சி: என் தாத்தா ஒன்றை மட்டும் தட்டித்தான் வாங்குவார், இதில் நான் உடன்படப் போவதில்லை.

பாலக்கோட்டு வாசகி: நாளை காலை காவேரிப்பட்டணம் பக்கம் போய்க் காம்பருகே மட்டும் மணப்பதைத் தேடுகிறேன். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் ஞாயிறு விடியற்காலையில் கண்முன்னே அறுக்கச் சொல்லி மூன்று கிலோ சுளை. ஒரு சிறு முக்கோணம் வெட்டிக் காட்டச் சொல்லிக் கேட்டால் தருவார்களா?

காவேரிப்பட்டணத்தான்: தர மாட்டார்கள், அதில் நியாயமும் உண்டு. பழுக்காத பழத்தில் வெட்டினால் அந்த இடத்திலிருந்தே கெடும். பிறகு அதை வாங்க ஆள் இருக்காது. பழுத்ததென்று இருவருக்கும் உறுதியான பழத்தில், முழுதாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.