'ரிஜக்ஷன்': தள்ளுபடியா, கழிவா, தள்ளுகாயா?

மீனா:
ஊறுகாய்க்கான சின்ன வெள்ளரியான கெர்கின் சாகுபடிக்கு ஒப்பந்தம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். விவசாயி கையெழுத்துப் போடுவது இங்குள்ள ஏற்றுமதி நிறுவனத்தோடு. ஐரோப்பாவில் வாங்குகிறவரின் நிபந்தனைகள் பின்னிணைப்பாக மட்டும் வருகின்றன. 'ரிஜக்ஷன்' வரும் இடமெல்லாம் பழைய தமிழ் நகலில் 'தள்ளுபடி' என்று இருக்கிறது. ஆடித் தள்ளுபடியைப் பார்த்துப் பழகியவர், விலையைக் குறைத்தாவது எடுத்துக்கொள்வார்கள் என்றுதானே படிப்பார்? நல்ல சொல் சொல்லுங்கள்.

சுப்பிரமணி:
'கழிவு' போதுமே அம்மா. ஊரில் எல்லாருக்கும் புரியும்.

வேலுச்சாமி:
புரியும், ஆனால் வேறு மாதிரி. மண்டியில் கழிவு என்றால் மூட்டைக்கு இவ்வளவு கிலோ என்று எடையில் பிடிப்பது. போன போகத்தில் என் சீட்டில் 'கழிவு 12' என்று போட்டிருந்தார்கள். எடையில் பிடித்தார்களா, காயைத் தள்ளினார்களா என்று இன்றுவரை தெரியாது. இன்னொன்று, 160+ என்றால் பெரிய காய் என்று நினைத்து இரண்டு நாள் விட்டுப் பறித்துவிட்டேன். 'மூன்றாம் தரம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். காயில் ஒரு குறையும் இல்லை.

இராசேந்திரன்:
வேலுச்சாமி அண்ணன் சொன்னதில் இரண்டு சிக்கல் இருக்கிறது. முதலில் 'கிரேடு'. 160+ என்பது கிலோவுக்கு 160 காய்க்கு மேல் நிற்கும் பிஞ்சு. எண் ஏற ஏறக் காய் சிறுக்கும், விலை கூடும். 100-160, 60-100, 30-60 என்று அடுத்தடுத்துக் காய் பெருத்து விலை இறங்கும். வெயில் நாளில் ஒரு பறிப்பைத் தவறவிட்டாலே காய் அடுத்த வகைக்குப் போய்விடும், அதனால்தான் தினமும் பறிக்கச் சொல்கிறார்கள். இது பருமனைப் பார்த்துப் பிரிப்பது. இதற்கு 'தரம்' என்று எழுதுவதே தப்பு. 'அளவு வகை' என்று போடுங்கள். கூடவே 'கிலோவுக்கு எத்தனை காய்' என்றும் எழுதுங்கள்.

அடுத்தது 'ரிஜக்ஷன்'. ஒரே சொல்லில் மூன்று சங்கதி இருக்கிறது. ஒன்று, சேகரிப்பு மையத்தில் பொறுக்கித் தள்ளுவது: வளைந்த காய், இடுப்பு ஒடுங்கிய காய், பழ ஈ குத்திப் பிசின் வடிந்த காய், தரையில் கிடந்து ஒரு பக்கம் மஞ்சளித்த காய். 120 கிலோ கொண்டுபோய் 9 கிலோ தள்ளினால், மீதி 111 கிலோவுக்குத்தான் பணம். இதற்குத் 'தள்ளுகாய்' என்பேன்.

இரண்டு, ஆலை வாசலில் முழு லோடையும் திருப்புவது. பூ ஒட்டிய காய் மிகுதியாக இருந்தாலோ, பறித்து நேரமாகிக் காய் துவண்டிருந்தாலோ இது நடக்கும். வாடிய பூவில் இருக்கும் பூஞ்சையின் நொதி உப்புநீரில் காயைக் கொழகொழப்பாக்கிவிடும், அதுதான் அந்தக் கண்டிப்பு. மூன்று, கப்பலேறிய பிறகு அங்கே பூச்சிமருந்து எச்சம் கண்டு திருப்புவது. தனி வரம்பு வகுக்காத மருந்துக்கு ஐரோப்பாவில் பொதுவாகக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான்.

சுப்பிரமணி:
2019 ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் வந்தபிறகு எதையும் தள்ள முடியாது என்றல்லவா கேள்விப்பட்டேன்?

இராசேந்திரன்:
பாதி சரி ஐயா. அந்தச் சட்டத்தின் நோக்கம், ஒப்பந்தத்தில் பேசிய விலை சந்தை சரிந்தாலும் விவசாயிக்குக் கிடைப்பது. குறையுள்ள காயையும் வாங்கியாக வேண்டும் என்பதல்ல. அதனால் எது குறை, யார் முன்னிலையில் பார்ப்பது என்று ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். தள்ளுகாயின் எடையைச் சீட்டில் தனியாக எழுதிக் காயைக் கையில் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். கையில் வராத தள்ளுகாய் எங்கே போகிறது என்று கேட்க ஆள் இருக்காது.

மூன்றாவதாகச் சொன்னேனே, கப்பலேறித் திரும்புவது, அதில்தான் வம்பு. பீப்பாயில் பலர் தோட்டத்துக் காயும் கலந்துவிடும். கொள்முதல் அன்றே ஒவ்வொருவர் காயிலும் மாதிரி எடுத்து, விவசாயி எண் போட்டு முத்திரையிட்டு வைக்கவில்லை என்றால், யார் மருந்து என்று பிறகு காட்டவே முடியாது. மாதிரி இல்லாமல் 'திரும்பிய சரக்கின் நட்டம் விவசாயியைச் சேரும்' என்ற வரி மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடக் கூடாது.

மீனா:
இப்படி எழுதினேன்: "சேகரிப்பு மையத்தில் விவசாயி முன்னிலையில் பிரித்து, எடையிட்டு, சீட்டுக் கொடுத்தபின் காய் நிறுவனத்தின் பொறுப்பு. தள்ளுகாய்க்கு விலை இல்லை. அது அன்றே விவசாயியிடம் திருப்பித் தரப்படும்." ஆலை வாசலில் திரும்புவது 'திருப்பிய லோடு', கப்பலேறித் திரும்புவது 'திரும்பிய சரக்கு'. சரிதானா?

வேலுச்சாமி:
தள்ளுகாய் நல்ல சொல். ஆனால் அந்த வரிப்படி சீட்டுக் கொடுத்ததும் பொறுப்பு கம்பெனிக்குப் போய்விடுகிறதே. அப்புறம் லோடு திரும்பினால் எனக்கென்ன? வண்டி மூன்று மணி நேரம் தாமதமாக வந்து காய் துவண்டாலும் என் தலையில் கட்டுவார்களா?

இராசேந்திரன்:
கட்டக் கூடாது, ஆனால் பின்னிணைப்பு வேறு மாதிரிச் சொல்கிறதா என்று பாருங்கள் மீனா. இரண்டும் முரண்பட்டால் எது நிற்கும் என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

மீனா:
ஆங்கில மூலத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. கேட்டு எழுதியிருக்கிறேன்.