மாத்திரை டப்பாவில் வைத்துவிட்டு வந்த கடிதம்

மகள்: கல்யாணம் முடிந்து கிளம்புவதற்கு முந்தின இரவு அம்மா அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதலில் நாலு பக்கம் வந்தது. படித்துப் பார்த்தால் வரிக்கு வரி நன்றியும் மன்னிப்பும்தான். எந்த வீட்டுப் பெண்ணும் எழுதக்கூடிய கடிதம். கிழித்துப் போட்டுவிட்டு, எங்கள் வீட்டில் மட்டும் நடந்தது என்ன என்று யோசித்தேன். வேலை முடிந்து நான் தாமதமாக வரும் நாட்களில் அப்பா வாசல் கேட்டின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பார். அந்தத் தாழ்ப்பாள் ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை. "எனக்காகத்தான் நின்றீர்கள் என்று எனக்குத் தெரியும் அப்பா" என்று எழுதினேன். அப்புறம் பேனா நிற்கவே இல்லை.

கடைசியில் ஒரு வேலை விஷயம். அப்பாவின் காலை மாத்திரையும் இரவு மாத்திரையும் ஒரே மாதிரி வெள்ளையாக இருக்கும். நான்தான் வாராவாரம் பிரித்து வைப்பேன். இரவு மாத்திரை அட்டையில் சிவப்புத் தாள் ஒட்டியிருப்பதாக எழுதி, கடிதத்தை அந்த டப்பாவிலேயே வைத்தேன். மறுநாள் காலை எடுத்துப் படித்திருக்கிறார்.

ஒரு தப்பு செய்துவிட்டேன். அம்மாவைப் பற்றி இரண்டே வரி. "நல்லா எழுதியிருக்கே" என்று மட்டும் போனில் சொன்னாள். குரலிலேயே தெரிந்தது. யாராவது தனித்தனியாக எழுதினீர்களா?

போன வருடம் மணமானவர்: நான் இரண்டு கவர் வைத்தேன். அன்றைக்கே மாற்றிப் படித்துவிட்டார்கள். அம்மாவிடம் மட்டும் சொல்ல நினைத்த கடன் விஷயம் அப்பாவுக்கும் தெரிந்துபோனது. தனியாக எழுதினாலும் இரண்டு பேரும் படிப்பார்கள் என்று நினைத்தே எழுதுங்கள்.

ஓர் அண்ணன்: ஒளித்து வைப்பதெல்லாம் வேண்டாம். கிளம்பும்போது கையில் கொடுப்பதுதான் சரி.

மகள்: என் தோழி அப்படித்தான் கொடுத்தாள். சுற்றி நின்றவர்கள் "படி, படி" என்றார்கள். அவள் அம்மாவால் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. யாரோ வாங்கிச் சத்தமாகப் படித்துவிட்டார்கள். ஆனால் நீங்கள் சொல்வதும் சரிதான், கண்ணில் படாத இடத்தில் வைத்தால் வீண். தினமும் கை போகும் இடமாக இருக்க வேண்டும்.

ஒரு தகப்பன்: என் பெண் கடிதம் எதுவும் எழுதவில்லை அம்மா. சின்ன வயதில் சுவிட்ச் போர்டில் "இது வாசல் லைட்" என்று கோணல்மாணலாக எழுதியிருந்தாள். போன மாதம் பெயிண்ட் அடித்தபோது அந்த இடத்தை விட்டுவிடச் சொன்னேன்.

போன வருடம் மணமானவர்: பழைய சண்டையைக் கடிதத்தில் எழுதலாமா? நான் எழுதினேன். அப்பா அதை மட்டும்தான் நினைவில் வைத்திருக்கிறார். எழுதாமல் இருந்திருக்கலாமோ என்று இன்னும் தோன்றுகிறது.

மகள்: எனக்கும் தெரியவில்லை. அம்மாவுக்கு நேற்று தனியாக எழுத உட்கார்ந்தேன். பரீட்சை சமயத்தில் நான் படித்து முடிக்கும்வரை, மடித்த துணியையே பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பாள். அங்கிருந்து தொடங்கியிருக்கிறேன்.