இழை: 'கரிக்குலம் மேப்பிங்' – தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

ஈரோடு, மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை வரலாறு நடத்தும் ஆசிரியர்களுக்கான கையேடு ஒன்று என் கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். மூன்றாம் இயல் முழுக்க 'கரிக்குலம் மேப்பிங்' பற்றியது. ஒரு பருவத்துக்குள் எந்தப் பாடப்பொருளை எந்த வாரம் நடத்துகிறோம், அதில் எந்தத் திறனைப் பழக்குகிறோம், அதை எங்கே மதிப்பிடுகிறோம் என்ற மூன்றையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்கும் வேலை. 'கரிக்குலம்' கலைத்திட்டம் என்று நிலைத்துவிட்டது, அதில் சிக்கல் இல்லை. 'மேப்பிங்'தான் இடறுகிறது. இப்போதைக்குக் 'கலைத்திட்ட வரைபடம்' என்று போட்டிருக்கிறேன். மனசு ஒப்பவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

உடுமலை, சமூக அறிவியல் ஆசிரியர்

நல்ல முயற்சிங்க. கலைத்திட்டத்தில் வரைபடத்துக்குத் தனி இடம் கொடுத்தே ஆகணும். ஏழாம் வகுப்பில் சோழப் பேரரசின் எல்லையைக் குறிக்கச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் கங்கைகொண்ட சோழபுரத்தைக் கங்கைக் கரையில் கொண்டுபோய் வைக்கிறார்கள். ஆறுகளை முதலில் குறிக்கச் சொல்லிவிட்டு, பிறகு ஊர்களைக் குறிக்கச் சொன்னால் இந்தத் தப்பு குறையும். வாரம் ஒரு வரைபடம் என்று கையேட்டில் சேருங்கள்.

தாராபுரம், வரலாற்று ஆசிரியை

உடுமலை சார், நீங்கள் சொல்வது நிலப்படப் பயிற்சி. இவர் கேட்பது வேறு. ஆனால் நீங்கள் அப்படிப் படித்ததே இந்தச் சொல் ஆகாது என்பதற்குப் போதுமான சான்று. வரலாற்று ஆசிரியர் காதில் 'வரைபடம்' என்று விழுந்தால் இந்திய நிலப்படமும் வினாத்தாளின் கடைசிக் கேள்வியும்தான் நினைவுக்கு வரும். வேறு பாடத்துக்கு இந்தச் சொல் ஓடலாம், வரலாற்றுக்கு ஓடாது.

கோபி, பணி நிறைவு பெற்ற தமிழாசிரியர்

சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது, தேடி அலைய வேண்டாம். நிரல்நிறை. நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களில் ஒன்று. 'அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது' என்ற குறளில் அன்புக்குப் பண்பும் அறத்துக்குப் பயனும் வரிசைப்படி சென்று பொருந்துகின்றன. பாடப்பொருள் ஒரு வரிசை, திறன் ஒரு வரிசை, மதிப்பீடு ஒரு வரிசை. மூன்றும் முறையே பொருந்துவதற்கு இதைவிடத் தக்க பெயர் ஏது?

இன்னொன்றும் உண்டு. 'விலங்கொடு மக்கள் அனையர்' என்ற குறளில் வரிசை மாறிப் பொருந்தும். அது எதிர் நிரல்நிறை. மதிப்பீட்டை முதலில் வகுத்துக்கொண்டு அங்கிருந்து பாடத்துக்குப் பின்னோக்கி வரும் முறையைக் கல்வியியலார் பேசுகிறார்களே, அதற்கு இந்தப் பெயர் அப்படியே பொருந்தும். நடுவில் நிற்கும் சொல் முன்னும் பின்னும் சென்று இயைவது தாப்பிசை. திறன் நடுவில் நின்று பாடத்தோடும் மதிப்பீட்டோடும் இயைவதால் அதையும் கருதலாம். தாப்பிசையில் உள்ள 'தாம்பு' பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

நாமக்கல், ஆசிரியப் பயிற்றுநர்

கோபி ஐயா, நிரல்நிறை என்றால் தமிழாசிரியர் தவிர மற்றவர்கள் அதை அணி இலக்கணக் கேள்வி என்றே எண்ணுவார்கள். பயிற்சிக்கு வரும் வரலாற்று ஆசிரியர்கள் எல்லோரும் 'மேப்பிங்' என்றுதான் சொல்கிறார்கள். அப்படியே விட்டால் என்ன கெட்டுப்போகும்? 'வளரறி', 'தொகுத்தறி' இரண்டையும் கொண்டுவந்தோம், நிலைத்தன. மறுக்கவில்லை. ஆனால் அவை மதிப்பெண் பதிவேட்டிலேயே அச்சாகி வந்தன, தினமும் எழுதியாக வேண்டியிருந்தது. கையேட்டில் மட்டும் இருக்கும் சொல்லுக்கு அந்தப் பலம் கிடையாது.

தாராபுரம், வரலாற்று ஆசிரியை

எனக்கு நிரல்நிறையில் வேறு தடை இருக்கிறது, ஐயா. அதில் ஒன்றுக்கு ஒன்றுதான் பொருந்தும். இந்தத் தாளில் அப்படிப் பொருந்தாது. ஒரே திறன் நான்கு அலகுகளிலும் ஓடும்.

ஏழாம் வகுப்பு முதல் பருவத்தையே எடுத்துக்கொள்வோம். இடைக்கால இந்திய வரலாற்று ஆதாரங்கள், வட இந்தியப் புதிய அரசுகள், பிற்காலச் சோழர்களும் பாண்டியர்களும், தில்லி சுல்தானியம் என நான்கு அலகுகள். வரலாற்றுக்கு வாரம் இரண்டு பாடவேளை, பன்னிரண்டு வாரம் என்று வைத்தால் 24 பாடவேளை. 4, 5, 7, 6 என்று பிரித்தால் திருப்புதலுக்கு இரண்டு மிஞ்சும். இதுவரை எல்லோரும் செய்வதுதான்.

இதற்கு மேல் 'சான்றை ஆராய்தல்' என்ற ஒரு திறனை மட்டும் கோடு போட்டுப் பார்க்கவேண்டும். அறிமுகம் ஆகும் இடத்தில் 'அ', பயிற்சி நடக்கும் இடத்தில் 'ப', மதிப்பிடும் இடத்தில் 'ம'. முதல் அலகில் கல்வெட்டு, செப்பேடு, பயணியர் குறிப்பு எல்லாம் வருவதால் 'அ' விழுகிறது. அடுத்த இரண்டு அலகுகளிலும் ஒன்றுமில்லை. பருவத் தேர்வில் 'ம' என்று எழுதியிருக்கும். வினாத்தாளைத் திறந்தால் 'குடவோலை முறை பற்றி எழுதுக' என்று இருக்கிறது. அது நினைவைக் கேட்கும் கேள்வி, சான்றை ஆராயச் சொல்லும் கேள்வி அல்ல. ஆகப் பயிற்சியும் இல்லை, மதிப்பீடும் இல்லை. திட்டக் குறிப்பேட்டை மட்டும் படித்தால் இது தெரியவே தெரியாது.

சரிசெய்ய மூன்றாம் அலகில் இரண்டு பாடவேளை போதும். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டின் (பொ.ஆ. 919, 921) செய்தியை எளிய தமிழில் ஆறு வரியாக்கிக் கொடுக்கலாம். வயது 35க்கு மேல் 70க்குள், வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, இப்படி. 'இந்த விதிப்படி யார் யார் ஊர்ச் சபை உறுப்பினர் ஆக முடியாது? இதை எழுதி வைத்தவர்கள் யார்? இந்தக் கல்வெட்டு சொல்லாமல் விட்டது எது?' என்று கேட்டால் அது 'ப'. வேறொரு கல்வெட்டின் நான்கு வரியை வளரறி மதிப்பீட்டில் கொடுத்தால் அது 'ம'. ஒரே சான்றை இரண்டுக்கும் கொடுத்தால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

சென்னிமலை, பட்டதாரி ஆசிரியர்

டீச்சர் சொன்னதைப் படித்ததும் தறிதான் நினைவுக்கு வந்ததுங்க. அலகுகள் பாவு, திறன்கள் ஊடு. ஊடு நூல் எல்லாப் பாவுக்கும் குறுக்கே ஓடணும், விட்ட இடத்தில் துணி பிரிந்துவிடும். 'பாவூடு' என்று வைக்கலாம். நம்ம பக்கத்துச் சொல், ஒன்றுக்கு ஒன்று என்ற சிக்கலும் இல்லை.

கூடவே ஒரு யோசனை. சான்றை ஆராய எங்கள் பக்கத்துக் கொடுமணலையே சேர்க்கலாமே! தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடு, மணிகள், இரும்பு உருக்கிய தடயம் எல்லாம் கிடைத்த இடம். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிறது.

தாராபுரம், வரலாற்று ஆசிரியை

பாவூடு அழகாக இருக்கிறது. பாவும் ஊடும் பாட வரிசையையும் திறனையும் சொல்லிவிடுகின்றன, சரி. மதிப்பீடு அதில் எங்கே? மூன்றாவது நூல் இல்லையே.

கொடுமணல் பற்றி: திறன் சரி, காலம் சரியில்லை. அது சங்க காலத்துக்கும் அதற்கு முன்னும் போகும் இடம், ஆறாம் வகுப்புக்கு உரியது. ஏழாம் வகுப்பு முதல் பருவம் இடைக்காலம். அங்கே கொண்டுவந்தால் இன்னொரு திறனான காலவரிசை குழம்பும். நம் பக்கத்துச் சான்றுதான் வேண்டும் என்றால் பேரூரிலும் அவினாசியிலும் கொங்குச் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. மூன்றாம் அலகில் உட்காரும்.

நாமக்கல், ஆசிரியப் பயிற்றுநர்

பயிற்சிகளில் அடிக்கடி பார்க்கும் கோளாறு ஒன்றைச் சேர்க்கிறேன். எல்லாக் கட்டத்திலும் குறி போட்டுவிடுவார்கள். ஆறு திறன், நான்கு அலகு, இருபத்து நான்கு கட்டமும் நிறைந்திருக்கும். எல்லாம் நடக்கிறது என்று எழுதிய தாளில் எது நடக்கவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு அலகுக்கு இரண்டு திறனுக்கு மேல் குறிக்கக்கூடாது என்று விதி வைத்த பிறகுதான் ஓட்டை தெரிய ஆரம்பித்தது.

இன்னொன்று, நான்காம் அலகு. முகமது பின் துக்ளக் தௌலதாபாத்துக்குத் தலைநகரை மாற்றியது 1327 வாக்கில். இபின் பதூதா இந்தியாவுக்குள் வந்தது 1333இல். அவர் நேரில் பார்க்கவில்லை. பரனி அதே காலத்தவர், ஆனால் சுல்தான் இறந்த பிறகு எழுதியவர். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் சான்றை ஆராய இதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆனால் அந்த அலகு கடைசி மூன்று வாரத்தில் வருகிறது, வினாத்தாள் அதற்கு முன்பே தயாராகிவிடும். அதனால் அதை 'ப' என்று மட்டும் குறித்துவிட்டு, 'ம'வை மூன்றாம் அலகிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

கோபி, பணி நிறைவு பெற்ற தமிழாசிரியர்

ஒன்றுக்கு ஒன்று என்ற தடையை ஏற்கிறேன். 'பொருத்தம்' என்று வைத்தால்? கலைத்திட்டப் பொருத்தம்.

உடுமலை, சமூக அறிவியல் ஆசிரியர்

'பொருத்துக' என்று ஐந்து மதிப்பெண் கேள்வி இருக்குதுங்களே ஐயா.

ஈரோடு, மொழிபெயர்ப்பாளர்

'இசைவு' எப்படி? கலைத்திட்ட இசைவுப் பட்டி.

சென்னிமலை, பட்டதாரி ஆசிரியர்

பட்டி வேண்டாங்க. நம்ம ஊரில் பட்டி என்றால் ஆடு அடைக்கிற இடம். அட்டவணை என்றே போடுங்கள்.

நாமக்கல், ஆசிரியப் பயிற்றுநர்

இசைவு என்றால் அலுவலகத்தில் ஒப்புதல். 'இசைவுக் கடிதம்' தினமும் பார்க்கிறோம். இருந்தாலும் அட்டவணை என்று சேர்ந்து வரும்போது குழப்பம் குறைவு. வெள்ளிக்கிழமையை நினைத்து ஒப்புக்கொள்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'மேப்பிங் எனப்படும்' என்று ஒரு வரி வேண்டும்.

ஈரோடு, மொழிபெயர்ப்பாளர்

'கலைத்திட்ட இசைவு அட்டவணை' என்றே அனுப்புகிறேன். நாமக்கல் சார் சொன்ன வரியும் உண்டு. நான்கு பேர் சரி என்றிருக்கிறார்கள், கோபி ஐயாவுக்கு மட்டும் உடன்பாடில்லை என்று பதிந்துகொள்கிறேன்.

தாராபுரம், வரலாற்று ஆசிரியை

இன்னொரு சொல் பாக்கி இருக்கிறது. ஜூனில் எழுதுவது திட்டம். செப்டம்பரில் அதே தாளில் உண்மையில் எந்த வாரம் எது நடந்தது என்று வேறு மையில் எழுதவேண்டும். இந்த வேலை முதலில் கிளம்பியதே எழுதியதும் கற்பித்ததும் தேர்வில் கேட்டதும் ஒன்றா என்று பார்க்கத்தான். 1980களில் அமெரிக்காவில் ஃபென்விக் இங்கிலீஷ் அதைத்தான் வலியுறுத்தினார். உள்ளூர் விடுமுறை ஒன்று வந்தாலும் மூன்றாம் அலகில் கடைசி இரண்டு பாடவேளைதான் முதலில் பறிபோகும். கல்வெட்டுப் பயிற்சியை அங்கே வைத்திருந்தால் அதுவும் போச்சு. நடுவில் வையுங்கள். திட்டமிட்ட அட்டவணைக்கும் நடந்த அட்டவணைக்கும் கையேட்டில் ஒரே பெயரா, இரண்டா?

கோபி, பணி நிறைவு பெற்ற தமிழாசிரியர்

இரண்டு பெயர் வேண்டும். நடந்ததற்கு 'நடப்பு' போதும். திட்டத்துக்கு நான் இன்னும் நிரல்நிறை என்றே சொல்வேன்.

ஈரோடு, மொழிபெயர்ப்பாளர்

இந்தப் பதிப்பில் 'திட்ட நிரல்', 'நடப்பு நிரல்' என்று இரண்டு நிரல்களாகக் கோடு போட்டுவிடுகிறேன். பெயரை அடுத்த பதிப்பில் பேசுவோம். 'தாம்பு' மடலுக்குத் தனி இழை தொடங்குங்கள் ஐயா.