“இப்ப வேலை செய்கிற இடத்துக்குத் தெரியவேண்டாம்” என்று சொல்லியும் தெரிந்துபோன கதைகள்

முறிகண்டிக்கச்சான்

கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தராக இருந்தேன். செயற்றிட்டம் டிசம்பரோடு முடிகிறது, எல்லோரும் வேலை தேடுகிறோம், ஒருவரும் மற்றவருக்குச் சொல்வதில்லை. உங்களுக்குத் தெரிந்த கதைதானே. ஓகஸ்ட்டில் இன்னொரு நிறுவனம் வவுனியாவுக்கு ஆள் கேட்டது. விண்ணப்பக் கடிதத்தின் கடைசி வரியில் “இதை இரகசியமாக வைத்திருக்கவும், தற்போதைய நிறுவனத்தைத் தொடர்புகொள்ள வேண்டாம்” என்று எழுதினேன். நேர்முகத்தில் வாயாலும் சொன்னேன். மனிதவளப் பிரிவு அம்மா தலையாட்டினார்.

அடுத்த கிழமை மாதாந்தக் கூட்டம். எங்கள் முகாமையாளர் தன்னுடைய மடிக்கணினியைப் புரொஜெக்டரில் போட்டுக் கிணறு புனரமைப்புக் கணக்கைக் காட்டிக்கொண்டிருந்தார். திரையின் வலது மூலையில் ஒரு மெயில் வந்து விழுந்தது. Reference Request என்று இருந்தது, பக்கத்தில் என் முழுப் பெயர், அப்பாவின் பெயரோடு. அறையில் பதினொரு பேர். ஒரு சத்தமும் இல்லை. அவர் அதை மூடிவிட்டு, “சரி, அடுத்த கிணறு” என்றார்.

அந்த “சரி” இன்னும் காதுக்குள் நிற்கிறது. ஒருவரும் ஏசவில்லை. ஒப்பந்தம் நீடிக்கப்பட்டவர்களின் பட்டியலில் மட்டும் என் பெயர் இல்லை. வவுனியா வேலையும் வரவில்லை. நான் இரண்டு தரம் சொன்னேனே, பிறகேன் அனுப்பினார்கள்?

மாங்குளம்_சந்தி

அந்த அம்மா வேண்டுமென்றே செய்திருப்பார். இவர்களுக்கு நம்முடைய பிழைப்பு விளையாட்டு.

என்னுடையதைக் கேளுங்கள். நான் லீசிங் கம்பனிக் கிளையில் இருந்தபோது கொழும்பில் ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சி ஒன்றுக்கு சுயவிபரக்கோவை அனுப்பினேன். “ஒருவருக்கும் சொல்ல மாட்டோம்” என்றார்கள். சொல்லவும் இல்லை. நேரே கிளையின் லேண்ட்லைனுக்கு எடுத்தார்கள்! காசாளர் பிள்ளை ரிசீவரைக் கையால் பொத்தாமல், வரிசையில் நின்ற ஆட்கள் தலைக்கு மேலால் கத்தினாள்: “அண்ணை, கொழும்பில இருந்து வேலைக்கு ஆள் எடுக்கிற ஆக்கள் உங்களோட கதைக்க வேணுமாம்.” கிளை முகாமையாளரின் கண்ணாடிக் கதவு திறந்துதான் இருந்தது.

நெடுங்கேணி_வெயில்

தொண்டு நிறுவனங்களின் மனிதவளப் பிரிவில் எட்டு வருசம் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். கச்சான் தம்பி, அந்த அம்மாவைத் திட்டுவதற்கு முதல் ஒரு கேள்வி. இணையப் படிவத்தில் உறவினரல்லாத இருவரின் பெயர், மெயில் கேட்டிருப்பார்களே, அதில் உங்கள் முகாமையாளரின் மெயிலைப் போட்டீர்களா?

முறிகண்டிக்கச்சான்

போட்டேன் அக்கா. “தற்போதைய மேலதிகாரி” என்றே ஒரு கட்டம் இருந்தது. வெறுமையாக விட்டால் சிவப்புக் கோடு வந்தது, அடுத்த பக்கத்துக்குப் போக விடவில்லை.

நெடுங்கேணி_வெயில்

அதுதான் விசயம். உங்கள் கடிதத்தை வாசித்தவர் ஒருவர், மெயில் அனுப்பியவர் இன்னொருவர். பல இடங்களில் அனுப்புவது ஆள்கூட இல்லை. தெரிவுப் பட்டியலுக்குள் உங்கள் பெயரை நகர்த்தியதும் மென்பொருளே அந்தக் கட்டத்தில் உள்ள முகவரிகளுக்கு அனுப்பிவிடும். கடிதத்தின் கடைசி வரி அதற்குத் தெரியாது. படிவத்தில் ஒருவரின் மெயிலைக் கொடுத்தால் “இவரிடம் கேளுங்கள்” என்று கையெழுத்து வைத்தது மாதிரி. கடிதத்தில் “வேண்டாம்”, படிவத்தில் “கேளுங்கள்”. இரண்டில் படிவம்தான் வெல்லும்.

ஆகவே அந்தக் கட்டத்தில் பழைய மேலதிகாரி ஒருவரைப் போடுங்கள், அவரிடம் முதலே கேட்டுவிட்டு. பதவி என்ற இடத்தில் “முன்னைய மேலதிகாரி, தற்போதையவர் அல்ல” என்று எழுதுங்கள். சுயவிபரக்கோவையிலும், அந்த இரண்டு பெயர் வரும் இடத்துக்கு நேர் கீழே இதை எழுதுங்கள்:

“நான் விண்ணப்பித்திருப்பது என் தற்போதைய நிறுவனத்துக்குத் தெரியாது. எழுத்துமூல நியமனம் என் கையில் கிடைத்து நான் சம்மதித்த பிறகு, தொடர்புகொள்ளப்போகும் நாளை எனக்குச் சொல்லிவிட்டு, அங்கே கேட்கலாம். அதுவரை மேலுள்ள இருவரிடமும் கேட்கவும்.”

கவனியுங்கள், இதில் “ஒருபோதும் வேண்டாம்” என்று இல்லை. நம்முடைய துறையில் அப்படிக் கேட்கவும் முடியாது. 2019இல் தொடங்கிய ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதில் சேர்ந்த நிறுவனங்கள், ஆளை எடுக்க முதல் அவர் கடந்த ஐந்து வருசம் வேலை செய்த இடங்களிடம், பாலியல் சுரண்டல், துன்புறுத்தல் போன்ற குற்றம் ஏதும் அவர்மேல் நிரூபணமானதா என்று எழுதிக் கேட்கும். தற்போதைய இடமும் அந்த ஐந்து வருசத்துக்குள்தான் வரும். “எங்கேயும் கேட்கவே கூடாது” என்று ஒருவர் நின்றால் எங்களுக்கு வேறு சந்தேகம் வரும். நாங்கள் விட்டுக்கொடுக்கக்கூடியது நேரத்தை மட்டும்தான்.

நீங்கள் அங்கே வேலை செய்கிறீர்களா, சம்பளம் எவ்வளவு என்பதற்கு யாரையும் கேட்கத் தேவையில்லை. நியமனக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஊழியர் சேமலாப நிதிக் கூற்று, இவற்றை நீங்களே கொடுத்தால் போதும்.

மாங்குளம் சந்திக்கு: உங்கள் சுயவிபரக்கோவையின் தலைப்பில் கிளைத் தொலைபேசி இலக்கம் இருந்ததா?

மாங்குளம்_சந்தி

இருந்தது. அதுக்காக எடுக்கிறதா? இரகசியம் என்று சொன்னால் இரகசியம்தான். 2022இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 9ஆம் இலக்கம், வந்துவிட்டது. வழக்குப் போட்டால் ஏஜென்சிக்காரர் கோடிக் கணக்கில் கட்ட வேண்டும். அக்கா ஏன் எப்போதும் அவர்கள் பக்கம் கதைக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

நெடுங்கேணி_வெயில்

சட்டம் இருக்கிறது, இலக்கமும் சரி. ஆனால் அது பகுதி பகுதியாகத்தான் நடைமுறைக்கு வரும்படி எழுதப்பட்டது. தண்டப் பணம் விதிப்பது அதற்கென்று அமைத்த அதிகார சபை, அந்தக் காசு உங்கள் சட்டைப் பைக்கு வராது. அது ஒரு பக்கம் இருக்கட்டும், நீங்களே எழுதிக் கொடுத்த இலக்கத்துக்குத்தானே எடுத்தார்கள். நான் யார் பக்கமும் இல்லை.

ஏஜென்சியிடம் கேட்க வேண்டியது வேறு. உங்கள் விபரத்தை எந்தக் கம்பனிக்கு அனுப்பப் போகிறோம் என்று ஒவ்வொரு தரமும் முதலில் உங்களுக்கு எழுதச் சொல்லுங்கள். லீசிங்கில் ஒரே குழுமத்துக்குள் நாலு கம்பனி இருக்கும். உங்கள் முதலாளியின் மற்றக் கைக்கே போய்ச் சேர்ந்த ஆட்களை எனக்குத் தெரியும்.

ஒட்டுசுட்டான்_மழை

எனக்கும் இதே பிரச்சினை. நான் அபிவிருத்தி உத்தியோகத்தர். வேறு திணைக்களத்தில் ஒரு பதவிக்கு வர்த்தமானியில் கேட்டிருக்கிறார்கள். எங்கள் பிரதேச செயலாளருக்குத் தெரியாமல் அனுப்பலாமா?

நெடுங்கேணி_வெயில்

முடியாது தங்கச்சி. அரச சேவையில் இருப்பவர் திணைக்களத் தலைவர் ஊடாக அனுப்ப வேண்டும் என்று வர்த்தமானியிலேயே போட்டிருப்பார்கள். இது வேறு கதை.

வட்டக்கச்சி_வாய்க்கால்

நான் வெயில் அக்கா சொன்ன எல்லாவற்றையும் சரியாகச் செய்தவள். பழைய மேலதிகாரிகள் இரண்டு பேர், என் சொந்தத் தொலைபேசி, சொந்த மெயில். நேர்முகத்துக்கு நிறுவனத்தின் ஸ்டிக்கர் ஒட்டிய மோட்டார்சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போனேன். ஏ9இல் அந்த ஸ்டிக்கரைக் கண்டாலே யாருடைய வண்டி என்று சொல்லிவிடுவார்கள். மனிதவளப் பிரிவு சொன்ன சொல்லைக் காப்பாற்றியது, ஒரு மெயிலும் போகவில்லை.

பத்து நாள் கழித்து முல்லைத்தீவுக் கச்சேரியில் ஒருங்கிணைப்புக் கூட்டம். எல்லா நிறுவனமும் வரும். தேநீர் இடைவேளையில் நான் என் பொறுப்பாளருக்குப் பக்கத்தில் வடையோடு நிற்கிறேன். என்னை நேர்முகம் கண்ட மூவரில் ஒருவர் சிரித்துக்கொண்டு வந்தார். “தங்கச்சி, அப்ப எப்ப எங்களிட்ட வாறீங்கள்?”

நல்ல மனசோடுதான் கேட்டார். எனக்குக் கிடைத்துவிட்டது என்று அவர் நினைத்திருக்கிறார். எனக்கு அதுவரை ஒரு கடிதமும் வரவில்லை. பொறுப்பாளர் வடையைக் கடித்தபடி என்னைப் பார்த்தார். “களவிஜயத்துக்கு வரச் சொல்லிக் கேக்கிறார்” என்று ஏதோ உளறினேன். அவர் நம்பவில்லை. அன்று பின்னேரமே உண்மையைச் சொன்னேன். பிறகு வியாழன் நியமனக் கடிதம் வந்தது, திங்கள்தான் பழைய இடத்துக்கு விசாரிப்பு மெயில் போகும் என்று முதலே சொன்னார்கள். அந்தப் பகுதி நேர்த்தியாகத்தான் நடந்தது. ஆனால் அந்த நாலு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

மனிதவளப் பிரிவிடம் சொன்னால் நேர்முகம் காண்பவருக்கும் சொன்னதாகிவிடும் என்று நினைத்தது என் பிழையா?

நெடுங்கேணி_வெயில்

உங்கள் பிழை இல்லை, எங்களுடையது. நேர்முகத்துக்கு வருபவர்களுக்கு விண்ணப்பத்தின் பிரதியைக் கொடுப்போம், “இவர் சொல்லாமல் வருகிறார்” என்று பல வேளை சொல்வதில்லை. வன்னியில் ஆட்களும் கொஞ்சம், கூட்டங்களும் ஒன்றுதான். நேர்முக அறையில் இருந்ததும் மூன்று பேர் முகத்தையும் பார்த்து நீங்களே சொல்வது நல்லது. சொல்லியும் ஒருவர் தன்னுடைய பழைய கூட்டாளிக்குப் போன் எடுத்து “ஆள் எப்பிடி?” என்று கேட்டால் அதை நிறுத்த என்னால்கூட முடிந்ததில்லை.

பழைய_உப்பளம்

நான் ஒரே ஒருமுறைதான் வேலை மாறினேன், 2011இல், சொல்லிவிட்டுத்தான் மாறினேன். பிள்ளைகளே, எதற்கு இந்த ஒளிப்பு? மேலதிகாரியிடம் நேரே போய், கதவைச் சாத்திவிட்டு, “ஐயா, செயற்றிட்டம் முடியப்போகுது, நான் தேடுறன்” என்று சொல்லுங்கள். மனிசர்தானே. இராஜினாமாக் கடிதத்தை மட்டும் அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம். புதிய இடம் “விசாரிப்புக்கு உட்பட்டது” என்று கடிதத்தில் போட்டிருந்தால் அது இன்னும் முழு வேலை இல்லை. விசாரிப்பு முடிந்தது என்று ஒரு வரி எழுத்தில் வாங்கிய பிறகுதான் ஒரு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும். தொடங்கும் திகதியையும் அந்த ஒரு மாதத்தை எண்ணித்தான் ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாதச் சம்பளம் கட்டிவிட்டுப் போக வேண்டி வரும். சேவைச் சான்றிதழை கடைசி நாளிலேயே கேட்டு வாங்குங்கள், ஆறு மாதம் கழித்துப் போனால் கந்தோரே இருக்காது. மடிக்கணினி, அடையாள அட்டை, ஹெல்மெட் எல்லாம் ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

மாங்குளம்_சந்தி

உப்பளம் ஐயா, கதவைச் சாத்திச் சொல்வதற்கு உங்களுக்கு நல்ல மேலதிகாரி கிடைத்திருக்கிறார். எங்களுடையவர் விசயம் தெரிந்த அன்றே என் பொறுப்பில் இருந்த கிராமங்களை எடுத்து மற்றவனுக்குக் கொடுத்தார்.

வட்டக்கச்சி_வாய்க்கால்

நான் அன்று பின்னேரம் சொன்னபோது என்னுடையவர் கோபப்படவில்லை. “முதலே சொல்லியிருக்கலாமே” என்றார். முதலே சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

முறிகண்டிக்கச்சான்

இதை எழுதத் தொடங்கிய பிறகு ஒன்று நடந்தது. நேற்று அந்த முகாமையாளரைப் பரந்தன் சந்தியில் தேத்தண்ணிக் கடையில் கண்டேன். ஒளிக்க இடமில்லை. அவரே கூப்பிட்டு இருத்தினார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிக் கதைத்தோம். பிறகு, “அண்டைக்கு வந்த படிவம் நான் அண்டைக்கே நிரப்பி அனுப்பினனான். நல்லாத்தான் எழுதினனான் தம்பி” என்றார்.

நல்லாத்தான் எழுதியிருக்கலாம். அப்படியென்றால் நீடிப்புப் பட்டியலில் என் பெயர் எங்கே போனது? கேட்க வாய் வந்தது. அதற்குள் அவர் எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டார்.