‘கோஸ்டிங்’: ஒரு சொல் போதுமா, இரண்டு வேண்டுமா?

மலர்விழி:
ஓட்டுநர் தேர்வுக் கேள்விகளைத் தமிழாக்கும்போது ஒரு சிக்கல். “தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிகிறது. எரிபொருளை மிச்சப்படுத்த என்ன செய்வீர்கள்?” நியூட்ரலுக்கு மாற்றி உருளவிடுவது ஒரு விடை, கியரிலேயே வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுப்பது இன்னொன்று. ‘கோஸ்டிங்’ என்பதற்கு இரண்டு இடத்திலும் ‘உருளல்’ என்றே போட்டுவிட்டோம். எது சரியான விடை என்றே தெரியவில்லை.

சேகர்:
நியூட்ரல்தான். கியரில் இன்ஜின் 2,000 சுற்றில் ஓடும், நியூட்ரலில் 800. சுற்று குறைந்தால் பெட்ரோலும் குறையும். ‘சிக்கன உருளல்’ என்று வையுங்கள்.

இளங்கோ:
சுற்றைவிட, இன்ஜினைச் சுற்றுவது எது என்பதுதான் முக்கியம். கியரில் காலை முழுதாக எடுத்தால் சக்கரங்களே இன்ஜினைச் சுற்றும். எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் மூடிக்கொள்ளும், செலவு பூஜ்யம். நியூட்ரலில் இன்ஜின் அணையாமலிருக்க எரிபொருள் வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் வந்து 20 வினாடி உருள்கிறீர்கள் என்று வைப்போம். ஐட்லிங்கில் மணிக்கு 0.7 லிட்டர் குடிக்கும் இன்ஜின் நியூட்ரலில் சுமார் 4 மில்லி எரிக்கும். ஒரு தடவைக்கு அற்பம், நகருக்குள் ஒவ்வொரு சிக்னலிலும் சேரும். 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று உடனடிச் செலவைக் காட்டும் வண்டியில் 0.0 வருகிறதா என்று பாருங்கள். சுற்று ஐட்லிங்கை நெருங்கியதும் இன்ஜெக்டர் மறுபடி திறக்கும். வண்டி உதறும் முன் கிளட்சை அழுத்தினால் போதும்.

பாண்டியன்:
என்னிடம் இருப்பது பழைய கார்புரேட்டர் பைக். அதற்கும் இதுவேதானா?

இளங்கோ:
பொதுவாக இல்லை. காலை எடுத்தாலும் ஐட்லிங் துளை வழியே பெட்ரோல் போய்க்கொண்டிருக்கும்.

சேகர்:
சரி, சமதளத்தில் காலிச் சாலை, நிற்கவே வேண்டாம். நியூட்ரலில் வண்டி அதிக தூரம் ஓடுமே?

இளங்கோ:
ஓடும். இன்ஜின் இழுத்துப் பிடிப்பதில்லை. அந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் தேர்வு கட்டுப்பாட்டையும் சேர்த்தே பார்க்கிறது. நியூட்ரலில் இறக்கத்தில் போனால் வேகத்தை அடக்கும் வேலை முழுவதும் பிரேக்கின் தலையில் விழும், சூடேறும். ஆகவே எதிர்பார்க்கும் விடை: முன்கூட்டியே காலை எடு, கியரில் இரு. பச்சை விழுந்த பிறகும் ஊர்ந்து ஏற வேண்டியதில்லை. மிதமாக அழுத்தி, பெட்ரோல் வண்டியானால் 2,000–2,500 சுற்றுக்குள் அடுத்த கியர். மேல் கியரில் இன்ஜின் திணறி அதிர்ந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள்.

மலர்விழி:
அப்படியானால் ‘கியர் உருளல்’, ‘நியூட்ரல் உருளல்’?

இளங்கோ:
நாலாம் கியரில் இருந்துகொண்டே கிளட்சை மிதித்தால்? அதுவும் நியூட்ரல் மாதிரிதான், ஆனால் உங்கள் சொல்லில் ‘கியர் உருளல்’ ஆகிவிடும். இன்ஜினும் சக்கரமும் சேர்ந்திருக்கின்றனவா என்பதை வைத்துப் பிரியுங்கள்: ‘பிணை உருளல்’, ‘பிணையறு உருளல்’.

பாண்டியன்:
பிணை என்றால் ஜாமீன் ஞாபகம்தான் வருகிறது. ‘இணைப்பில் உருளல்’, ‘இணைப்பறு உருளல்’ என்றால்?

மலர்விழி:
‘இணைப்பறு’ சரியாக இருக்கிறது, அதை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது வாயில் நிற்கவில்லை. கேள்வித்தாளில் இப்போதைக்கு “கியரிலேயே வைத்து, கிளட்சைத் தொடாமல், காலை எடுப்பது” என்று விரித்தே போடுகிறேன். இதைவிடச் சின்னதாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.