கேள்வியே இல்லாமல் ஒரு ஸ்கிரீன்ஷாட்

மீனா: போன வாரம் இரவு 11 மணிக்குத் தோழி ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். கூடவே ஒரு வார்த்தைகூட இல்லை. அவளுடைய அக்காவோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு. அக்காவின் வளைகாப்புக்கு முதல் நாளே வர லீவு கிடைக்கவில்லை, அன்று காலையில்தான் வருவேன் என்று இவள் எழுதியிருக்கிறாள். அதற்கு அக்கா, "சரிங்க. உங்க வசதிப்படி வாங்க." நான் உடனே மூன்று விதமாகப் பதில் எழுதிக் கொடுத்தேன். "பதில் எனக்கே எழுதத் தெரியும்டி. அவ கோபமா இருக்காளா, சொல்லு" என்றாள். அழுதுகொண்டே இருந்திருக்கிறாள். அது எனக்குப் படவே இல்லை. இப்படி வந்தால் நீங்கள் எப்படிப் புரிந்துகொள்வீர்கள்?

சிவகாமி: பெண்கள் விடுதியில் வார்டனாக இருக்கிறேன், பிள்ளைகள் நிறைய அனுப்புவார்கள். நான் முதலில் பார்ப்பது படத்தின் அடிப்பகுதியை. கடைசிச் செய்தி வலப்பக்கம், அதாவது அனுப்பியவளுடையதாக, பதில் வராமல் நின்றால், "ஏன் பேச மாட்டேங்கிறாங்க?" என்ற தவிப்பு. இடப்பக்கம் நின்றால் பெரும்பாலும் பதில் தேடுகிறாள். தட்டச்சு செய்யும் இடத்தில் பாதி வாக்கியம் கிடந்தால் சந்தேகமே வேண்டாம்.

உங்கள் தோழிக்கு இந்தக் கணக்கு பொருந்தவில்லை. அங்கே குத்தியது அந்த "ங்க". அக்கா வழக்கமாக எப்படிப் பேசுவார்? படத்தின் மேற்பகுதியில் பழைய வரி ஏதாவது தெரிகிறதா?

மீனா: இப்போதுதான் பார்த்தேன். காலை 9.10க்கு, "சாப்டியாடி?"

சிவகாமி: அதையும் சேர்த்துக் காட்டத்தான் அவ்வளவு மேலேயிருந்து எடுத்திருக்கிறாள்.

பிரபு: இவ்வளவு யோசிக்க வேண்டாம். நீல டிக் விழுந்தும் பதில் இல்லையென்றால் கோபம்தான்.

சிவகாமி: பல நேரம் அப்படித்தான், பிரபு. ஆனால் எங்கள் விடுதிப் பெண் ஒருத்தி இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். செய்தியைத் திறந்தது அப்பா இல்லை, அவர் போனில் விளையாடிய தம்பி. சாம்பல் டிக்கையும் நம்ப முடியாது. படித்ததைக் காட்டும் அமைப்பையே சிலர் அணைத்து வைத்திருப்பார்கள்.

செல்வம்: ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் எதிராளிக்குத் தெரிந்துவிடுமா? என் மச்சான் பேசியதை எடுத்து மனைவிக்கு அனுப்பப் போய், குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டேன். இன்றுவரை அவர் என்னோடு பேசுவதில்லை.

சிவகாமி: வாட்ஸ்அப்பில் சாதாரண உரையாடலை எடுத்தால் தெரியாது. உங்கள் சிக்கல் வேறு, அண்ணா.

அன்வர்: நான் நேராகவே கேட்டுவிடுவேன். "படிச்சிட்டேன். இதுக்குப் பதில் யோசிக்கணுமா, இல்ல சும்மா பேசணுமா?" பெரும்பாலும் சரியாக வரும். ஒரு நண்பன் மட்டும், "இதைக்கூட உனக்குச் சொல்லணுமா?" என்று போனை வைத்துவிட்டான். அவனிடம் வேறு எப்படிக் கேட்டிருக்கலாம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மீனா: நேற்று அவளிடம் பேசினேன். முதல் நாள் இரவே பஸ் ஏறுவதாக அக்காவுக்கு எழுதியிருக்கிறாள். "சரி, பத்திரமா வா" என்று வந்ததாம். "ங்க" போய்விட்டது. "டி" இன்னும் வரவில்லை.